மூத்தவர்கள் நிறைந்த வகுப்பில் இளம் பயிற்சியாளரின் முதல் ஏழு நிமிடம்: வன்னிக்கான ஒரு வழிகாட்டி

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு பிரதேச செயலகத்தின் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் பயிற்சி. பயனாளிகள் பட்டியலை எக்செல்லில் பிழையில்லாமல் தயாரிப்பதுதான் பாடம். வந்திருப்பவர்கள் 24 பேர். கிராம அலுவலர்கள், அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், சமுர்த்தி உத்தியோகத்தர்கள் என்று கலந்து இருக்கிறார்கள். ஆகக் குறைந்தவருக்கு 38 வயது, ஆகக் கூடியவருக்கு 57. பயிற்சியாளருக்கு 26. வரவுத்தாளில் அடையாள அட்டை இலக்கம் எழுதும் நிரல் இருந்தால் அந்த வயதை மறைக்கவும் முடியாது. அவர்களில் பலருடையது V என்று முடியும் பழைய இலக்கம், பயிற்சியாளருடையது 1999 அல்லது 2000 என்று தொடங்கும் பன்னிரண்டு இலக்கம்.

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு வகுப்பையே எடுத்துக்காட்டாக வைத்துப் போகிறது. பாடம் வேறாக இருந்தால் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அவர்கள் மனதில் இருக்கும் மூன்று கேள்விகள்

பயிற்சியாளர் மைக்கைப் பிடிக்கும்போது கதிரைகளில் மூன்று கேள்விகள் ஓடிக்கொண்டிருக்கும். "இது ஆற்றை பிள்ளை?", "இதுக்கு எங்கட வேலையைப் பற்றி ஏதும் தெரியுமோ?", "இண்டைக்கு எத்தினை மணிக்கு விடுவினம்?" பட்டங்களையும் சான்றிதழ்களையும் அடுக்கும் அறிமுகம் இந்த மூன்றில் ஒன்றுக்கும் பதில் சொல்வதில்லை. அதனால்தான் அது எடுபடுவதில்லை. வயது குறைவு என்பது அவ்வளவு பெரிய தடையல்ல. நடுக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் மணி பத்தாகிவிடுவதுதான் தடை.

முதற் கேள்விக்கு இருபது விநாடி போதும். மூன்றாவதற்குப் பத்து விநாடி. மிச்ச நேரம் எல்லாம் நடுக் கேள்விக்குத்தான்.

ஒரு கிழமைக்கு முதல்

ஏற்பாடு செய்யும் உத்தியோகத்தரோடு தொலைபேசியில் பத்து நிமிடம் கதைக்க வேண்டும். அவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை அதிகமில்லை. முதலாவது, வருபவர்களின் பெயர், பதவி, பிரிவு, சேவைக் காலம். இரண்டாவது, அவர்கள் இப்போது பயன்படுத்தும் பட்டியல் படிவம் ஒன்று. வெறும் படிவமாகக் கேளுங்கள், நிரப்பியது வேண்டாம். அதில் சனத்தின் அடையாள அட்டை இலக்கமும் கைபேசி இலக்கமும் இருக்கும், அவை உங்கள் கைக்கு வரத் தேவையில்லை. மூன்றாவது கேள்வி சற்றுக் கூச்சமானது, ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்: "இதிலை எக்செல் நல்லாத் தெரிஞ்ச ஆள் ஆர்?" ஒவ்வொரு அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருப்பார். அவரை முன்கூட்டியே தெரிந்திருப்பது ஏன் தேவை என்பது பின்னால் வரும்.

பெயர்ப் பட்டியல் வந்ததும் உங்கள் உறவினர், உங்கள் ஊர் விதானையார், உங்களுக்குப் படிப்பித்தவரின் துணைவர் என்று யாராவது இருக்கிறார்களா என்று பாருங்கள். வன்னி சின்ன இடம், 24 பேரில் ஒருவராவது அகப்படுவார். அப்படி இருந்தால் முதல்நாளே ஒரு அழைப்பு எடுத்து, "நாளைக்கு வகுப்பிலை சந்திப்பம்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் மண்டபத்தில் எழும்பி, "இவ எங்கட வீட்டிலை தவழ்ந்து திரிஞ்ச பிள்ளை" என்று அன்போடு அறிமுகப்படுத்துவார். அந்த அன்பிலிருந்து மீள அரை நாள் பிடிக்கும்.

உங்களை அறிமுகப்படுத்துபவருக்கு நான்கு வரி

பல வகுப்புகளில் அறிமுகம் கெட்டுப்போவது பயிற்சியாளர் வாய் திறப்பதற்கு முன்னமே. ஏற்பாட்டாளர் மைக்கை எடுத்து, "இந்தத் தங்கச்சி சின்னப் பிள்ளைதான், ஆனாலும் கெட்டிக்காரி, நீங்கள்தான் பாத்துக்கொள்ளவேணும்" என்பார். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்வதற்கு வேறு ஏதும் கையில் இல்லை, அவ்வளவுதான். எனவே நீங்களே எழுதிக் கொடுங்கள். பெரிய எழுத்தில், ஒரு தாளில், நான்கு வரி:

"இன்றும் நாளையும் பயிற்சி நடத்துபவர் செல்வி … . தர்மபுரத்தைச் சேர்ந்தவர். மூன்று ஆண்டுகளாக அலுவலகப் பட்டியல்களைக் கணினிமயப்படுத்தும் வேலையில் இருக்கிறார். நீங்கள் அனுப்பும் பட்டியல்கள் திருப்பி அனுப்பப்படுவதற்கான காரணங்களை இன்று எங்களோடு பார்ப்பார்."

நான்காவது வரிதான் உயிர். பட்டியல் திரும்பி வந்து, சனிக்கிழமையும் இருந்து திருத்தியவர்கள் அந்த மண்டபத்தில் இருப்பார்கள். அந்த வரியில் தலைகள் நிமிரும். பட்டம், பல்கலைக்கழகம், தரவரிசை எதுவும் இந்தத் தாளில் வேண்டாம். கேட்டால் சொல்லலாம்.

தாள் கொடுத்தும் அவர் தன் பாட்டில் "சின்னப் பிள்ளை" என்று சொல்லிவிட்டால் அதற்குப் பதில் சொல்லக் கூடாது. சிரித்துவிட்டு உங்கள் முதல் வசனத்துக்குப் போங்கள். "சின்னப் பிள்ளை எண்டாலும்…" என்று தொடங்கினால் அன்றைய தலைப்பே உங்கள் வயதாகிவிடும்.

காலை எட்டு மணி

வகுப்பு ஒன்பதுக்கு என்றால் நீங்கள் எட்டுக்கு அங்கே நிற்க வேண்டும். மின்சாரம், மல்ரிமீடியா, மைக் எல்லாவற்றையும் எட்டரைக்குள் சரிபார்த்துவிட்டு வாசலுக்கு வந்து நில்லுங்கள். வருபவர்களை ஒவ்வொருவராக, எழும்பி நின்று, பெயர் கேட்டு வரவேற்பதே அறிமுகத்தின் முதற்பாதி. அந்த அரை மணித்தியாலத்தில் ஆறு பெயர் மனதில் நின்றால் போதும்.

பூநகரிப் பக்கமிருந்து பரந்தன் வீதியால் வருபவர்களும் உள்ளூர்ப் பாதைகளில் ஒரே ஒரு பஸ்ஸை நம்பி வருபவர்களும் பிந்துவார்கள். ஒன்பது மணிக்கு 24 பேரில் 15 பேர் இருந்தால் அது வழமையான வரவுதான். அறிமுகத்தைத் தள்ளிப்போடாதீர்கள், நேரத்துக்கு வந்தவர்களுக்கு அது அவமதிப்பு. பிந்தி வருபவர்களைக் கண்டதும் பேச்சை நிறுத்தி வரவேற்கவும் வேண்டாம். தலையசைத்து இடத்தைக் காட்டினால் போதும்.

மங்கல விளக்கு ஏற்றும் வழக்கம் இருந்தால் உங்களையும் அழைப்பார்கள். ஒரு திரியை ஏற்றிவிட்டு, வந்திருப்பவர்களில் ஆக மூத்தவரை அடுத்த திரிக்கு நீங்களே அழையுங்கள். மரியாதையை வாயால் நீட்டி முழக்குவதைவிட இது குறுகியது, எல்லார் கண்ணிலும் படும்.

ஏழு நிமிடம்

முதல் வணக்கத்தை மேடைத் தமிழில் ஒரு வசனம் சொல்லலாம். அதற்குப் பிறகு பேச்சு வழக்குக்கு இறங்கிவிடுங்கள். எழுத்துத் தமிழிலேயே தொடர்ந்தால் பேச்சுப் போட்டிக்கு வந்த பிள்ளைபோல ஒலிக்கும். வயது தெரிவது முகத்தைவிடக் குரலில்தான் அதிகம்.

முதல் அரை நிமிடத்தில் ஊரும் ஆளும். "எல்லாருக்கும் வணக்கம். என்ரை பேர் … . ஊர் தர்மபுரம், கண்டாவளைப் பிரிவு. கிளிநொச்சியிலைதான் படிச்சனான்." இவ்வளவும் போதும். தகப்பன் பெயர், குடும்பம், எங்கிருந்து எங்கே இடம்பெயர்ந்தது எல்லாம் தேத்தண்ணி நேரத்தில் அவர்களாகக் கேட்பார்கள். ஊரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் பின்வரிசையில் அதுபற்றியே ஒரு சின்ன விசாரணை நடந்துகொண்டிருக்கும்.

அடுத்த இரண்டு நிமிடம் உங்கள் வேலையின் எல்லை. இதில்தான் இளையவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒரு சாரார் எல்லாம் தெரியும் என்று காட்டப் போவார்கள். மற்றவர்கள் "உங்கட அனுபவத்துக்கு முன்னாலை நான் ஒண்டுமில்லை", "நான் உங்கட பிள்ளை மாதிரி" என்று தாழ்ந்து போவார்கள். இரண்டாவது பணிவு மாதிரித் தெரியும், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு செலவு இருக்கிறது. தன்னைப் பிள்ளை என்று அறிவித்தவர் பதினொரு மணிக்கு "ஃபோனை வைச்சிட்டுத் திரையைப் பாருங்கோ" என்று சொல்ல முடியாது. பிள்ளை பெரியவர்களுக்குச் சொல்லும் வசனம் அல்ல அது.

சொல்ல வேண்டியது இதுபோல இருக்கலாம்: "ஆருக்கு வீட்டுத்திட்டம் குடுக்கிறது, ஆற்றை பேர் விடுபட்டுப் போச்சு, ஒரு குடும்பத்தை எப்பிடி விசாரிக்கிறது எண்டது எல்லாம் உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. அதைப் பற்றி நான் கதைக்கப் போறதும் இல்லை. நீங்கள் சேர்த்த விபரத்தைக் கணினியிலை போடேக்கை அது எங்கை பிழைக்குது, ஏன் பிழைக்குது எண்டது எனக்குத் தெரியும். இந்த ரெண்டு நாளும் அது மட்டும்தான்."

அவர்களுடைய அனுபவத்தைப் புகழ்வதில் ஒரு கவனம் வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களில் 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்த காலத்தையும் 2009ஐயும் கண்டவர்கள் இருப்பார்கள். கணினியும் மின்சாரமும் இல்லாத இடத்தில் நிவாரணப் பதிவுகளைக் கையால் எழுதியவர்களும் அவர்களுக்குள் இருக்கலாம். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் மைக்கில் சொல்லத் தேவையில்லை. 2009இல் பத்து வயதளவில் இருந்தவர் அதை எடுத்துப் பாராட்டுவது நல்லாக இராது, வகுப்பு வேறு திசைக்குப் போய்விடவும் கூடும். "கையாலை பதிவேடு எழுதின ஆக்களுக்கு இந்த நிரல், நிரை ஒண்டும் புதுசில்லை" என்ற ஒரு வசனத்தோடு நிறுத்துங்கள். அது உண்மையும்கூட. எக்செல் தாள் என்பது கோடு போட்ட பதிவேடுதான்.

பிறகு நேரம். "பத்தேகாலுக்குத் தேத்தண்ணி. பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. நாலு மணிக்கு முடிப்பம், நாலு அஞ்சு ஆகாது." சொன்ன நேரத்தில் முதல் இடைவேளையை விடுங்கள். சொல்லுக்கும் செயலுக்கும் இடையில் அவர்கள் பார்க்கும் முதற்சோதனை அதுதான்.

மிச்ச நான்கு நிமிடம்: தொலைந்த பூச்சியம்

இதுவரை பேச்சு. இனி நடுக் கேள்விக்குச் செயலால் பதில். அவர்களின் வெறும் படிவத்தைத் திரையில் திறந்து வையுங்கள். அவர்களுடைய படிவமாகவே இருக்க வேண்டும், நீங்கள் செய்த அழகான படிவம் வேண்டாம். தொலைபேசி நிரலில் 077 என்று தொடங்கும் ஒரு கற்பனை இலக்கத்தைத் தட்டி Enter அடியுங்கள். முன்னால் இருந்த பூச்சியம் போய், ஒன்பது இலக்கம் நிற்கும். அடையாள அட்டை நிரலில் பன்னிரண்டு இலக்கத்தைத் தட்டுங்கள். அது E+11 என்று முடியும் ஏதோ ஒன்றாக மாறும். மண்டபத்தில் ஒரு முனகல் கேட்கும். எல்லாரும் கண்ட பேய் அது.

காரணத்தை இரண்டு வசனத்தில் சொல்லுங்கள். எக்செல் இவற்றை எண் என்று நினைக்கிறது. எண்ணுக்கு முன்னால் பூச்சியத்துக்குப் பெறுமதி இல்லாததால் அதை எறிந்துவிடுகிறது, நீளமான எண்ணைச் சுருக்கிக் காட்டுகிறது. ஆனால் நாங்கள் கூட்டிக் கழிக்கப் போகும் எண்கள் அல்ல இவை, பெயரைப் போன்றவை. எனவே தட்டுவதற்கு முன்னமே நிரல் முழுவதையும் தெரிவுசெய்து, Home பகுதியில் General என்று இருக்கும் பெட்டியை Text ஆக மாற்ற வேண்டும். மாற்றிவிட்டு அதே இலக்கங்களைத் திரும்பத் தட்டிக் காட்டுங்கள். மூலையில் சின்னப் பச்சை முக்கோணம் வரும். அது பிழையில்லை, எண் எழுத்தாகப் பதியப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பு மட்டும்.

இந்த இடத்தில் யாராவது, "அப்ப ஏற்கெனவே அடிச்ச நானூறு பேருக்கு என்ன செய்யிறது?" என்று கேட்பார். கேட்டே தீருவார்கள். கேள்வி வந்தால் உங்கள் அறிமுகம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். தட்டிய பிறகு Text ஆக மாற்றினால் போன பூச்சியம் திரும்பாது. தொலைபேசி இலக்கம் B நிரலில் இருந்தால், வெறுமையான இன்னொரு நிரலில் இதைப் போட்டுக் கீழே இழுக்க வேண்டும்:

```
=TEXT(B2,"0000000000")
```

பத்துப் பூச்சியம், ஏனென்றால் எங்கள் தொலைபேசி இலக்கம் பத்து. அடையாள அட்டை விடயத்தில் இலக்கம் அழியவில்லை. எக்செல் பதினைந்து இலக்கம்வரை உள்ளே சரியாக வைத்திருக்கும், காட்டும் விதம்தான் மாறியது. அந்த நிரலை Number ஆக்கித் தசமதானத்தைப் பூச்சியமாக்கினால் முழு இலக்கமும் தெரியும்.

இந்த நான்கு நிமிடத்தை முதல்நாள் வீட்டில் ஐந்து தரம் செய்து பார்த்துவிட்டு வர வேண்டும். இதில் தடுமாறினால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. வேறு பாடம் நடத்துபவர்களும் இதே அளவில் ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும்: எல்லாருக்கும் நடந்திருக்கும், நான்கு நிமிடத்தில் தீரும், அன்றே அலுவலகத்தில் பயன்படும் ஒரு பிழை.

எப்படிக் கூப்பிடுவது

அலுவலகத்தில் வழங்கும் சேர், மிஸ் இரண்டும் யாரையும் நோகடிக்காது. ஆண்களை ஐயா என்றும் சொல்லலாம். நெருக்கம் வந்த பிறகு அண்ணை, அக்கா. "அன்ரி" மட்டும் வேண்டவே வேண்டாம். 42 வயது உத்தியோகத்தரை அன்ரி என்று கூப்பிட்டவரின் வகுப்பு எப்படிப் போகும் என்பதை விளக்கத் தேவையில்லை. அவர்கள் உங்களைத் தம்பி, தங்கச்சி, பிள்ளை என்று கூப்பிடுவார்கள். திருத்தப் போகாதீர்கள், அது இந்த மண்ணின் வழக்கம், குறைத்து மதிப்பிடுவது அல்ல.

"விளங்குதோ?" என்ற சொல்லையும் வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். பெரியவர்களிடம் அது பாடசாலையின் வாடை அடிக்கும். "நான் சொன்னது தெளிவோ, இன்னொருக்காச் செய்து காட்டவோ?" என்றால் பொறுப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். "சின்னப் பிள்ளையளே இதைச் செய்யுதுகள்" என்று உற்சாகப்படுத்துவதாக நினைத்துச் சொல்வது எல்லாவற்றிலும் மோசம்.

அவர்களின் அறிமுகம்

உங்களுடையது முடிந்த பிறகுதான் அவர்களுடையது. எங்கிருந்தோ எடுத்த பயிற்சிக் கையேட்டில் உள்ள விளையாட்டுகளை இங்கே அப்படியே இறக்கக் கூடாது. குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள், மறக்க முடியாத நாள் எது, சின்ன வயதுப் படம் ஒன்றைக் காட்டுங்கள் என்பவை வன்னியில் சாதாரணக் கேள்விகள் அல்ல. எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு இங்கே சிலருக்கு இரண்டு பதில் உண்டு, பெற்றது எத்தனை, இருப்பது எத்தனை என்று. சின்ன வயதுப் படங்கள் பலரிடம் இல்லை. வகுப்பு தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் ஒருவரை அந்த இடத்துக்குத் தள்ள உங்களுக்கு உரிமையில்லை.

பெயர், பிரிவு, "பட்டியல் வேலையிலை ஆகக் கரைச்சல் தாற ஒரு விசயம்". இந்த மூன்று போதும். ஒருவருக்கு அரை நிமிடம் என்றால் 24 பேருக்குப் பன்னிரண்டு நிமிடம். அவர்கள் சொல்லும் கரைச்சலை அவர்களுடைய வார்த்தையிலேயே பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். "பாமினியிலை அடிச்சது மற்றக் கணினியிலை ஆங்கில எழுத்தா வருது" என்றால் அப்படியே எழுதுங்கள். யுனிக்கோட் பற்றிய விளக்கம் பிறகு. "கணினி தெரியாத ஆக்கள் கை தூக்குங்கோ" என்று மட்டும் கேட்க வேண்டாம். யாரும் தூக்க மாட்டார்கள், தெரியாதவர்கள் இரண்டு நாளும் ஒளிந்திருப்பார்கள்.

பிழைக்கும் இடங்கள்

முன்வரிசையில் இருந்து ஒருவர், "இதெல்லாம் நாங்கள் எப்பவோ செய்தனாங்கள்" என்பார். மறுக்க வேண்டாம், ஒத்துக்கொண்டு நழுவவும் வேண்டாம். "எந்தப் படிவத்திலை செய்தனீங்கள் ஐயா, அதிலை இந்தப் பூச்சியப் பிரச்சினை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்?" என்று உண்மையாகவே கேளுங்கள். செய்தவரென்றால் நல்ல ஒரு வழியைச் சொல்வார், அதையும் தாளில் எழுதுங்கள். இல்லையென்றால் அவரே அமைதியாவார்.

எக்செல் தெரிந்த அந்த ஒருவர், நீங்கள் செய்துகாட்டியதைவிடச் சுருக்கமான வழி சொல்லக்கூடும். உதாரணமாக, இலக்கத்துக்கு முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டாலும் பூச்சியம் நிற்கும் என்பார். சரிதான். "ஓம், ஒண்டு ரெண்டு பேருக்கெண்டால் அதுதான் லேசு. நானூறு பேருக்கெண்டால் நிரலை மாத்துறது நல்லம்" என்று இரண்டையும் இடத்தில் வையுங்கள். பயிற்சி நேரத்தில் பின்வரிசைக்கு உதவ அவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே பெயர் தெரிந்திருந்தால் இதை அவருடைய பெயர் சொல்லிக் கேட்கலாம்.

உங்களுக்குப் படிப்பித்தவர் இருந்தால் ஒரே ஒரு தரம், "சேரிட்டைத்தான் நான் கணக்குப் படிச்சனான்" என்று சொல்லிவிட்டு அதோடு விடுங்கள். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகத்தைப் பார்த்தால் மற்ற 23 பேரும் அதைக் கவனிப்பார்கள்.

வயதைக் கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள். "இருபத்தாறு, அக்கா." கலியாணம் பற்றிக் கேட்டாலும் அவ்வளவுதான், "இன்னும் இல்லை." சிரித்துக்கொண்டு சொல்லி அடுத்ததற்குப் போங்கள். மழுப்பினால் கேள்வி நீளும்.

அறிமுகம் எடுபட்டதா என்பதைத் தேத்தண்ணி நேரத்தில் பார்க்கலாம். வடையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேராவது பென் டிரைவோடு வந்து, "பிள்ளை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்றால் எடுபட்டுவிட்டது. பிந்தி வந்தவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பூச்சியக் கதையை விளக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. பாடம் பற்றிய கேள்விகளை உங்களிடம் கேட்காமல் ஏற்பாட்டாளரிடம் கேட்கிறார்கள் என்றால் எடுபடவில்லை. அப்போது திரும்ப ஒரு அறிமுகம் செய்ய முயலாதீர்கள். இடைவேளைக்குப் பிறகு சுவரில் உள்ள தாளுக்குப் போய், மூத்த ஒருவர் சொன்ன கரைச்சலைத் தெரிந்தெடுத்து, "சேர் காலமை சொன்னது இது" என்று அதையே முதலாவதாகத் தீர்த்துக் காட்டுங்கள். திட்டமிட்ட பாடம் இருபது நிமிடம் பிந்தட்டும், பின்னேரத்துக்குள் பிடித்துவிடலாம்.